விரிசலும் பென்சில் கோடும்: பேச்சாளரை அறிமுகப்படுத்தும்போது சொந்தக் கதை சொல்லலாமா? – கேள்வி பதில்

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர்): என் கல்லூரித் தோழி ஒரு கட்டடப் பொறியாளர். சுவர் விரிசல்களைப் பற்றி எங்கள் கூட்டத்தில் பேச வருகிறார். இப்படித் தொடங்கலாமா? "இவரும் நானும் ஒரே விடுதி அறையில் தங்கியிருந்தோம். தேர்வுக்கு முந்தைய இரவு எனக்குக் கடும் காய்ச்சல். விடியும்வரை அருகில் அமர்ந்து பாடம் சொல்லித் தந்தார். நான் தேறியதற்கு இவரே காரணம்."

பதில்: நெகிழ்ச்சியான நிகழ்ச்சிதான், ஆனாலும் இந்த மேடைக்கு வேண்டாம் என்பேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தது, நீங்கள் தேறினீர்கள், உங்கள் தோழி நல்லவர் என்ற மூன்று செய்திகள் இதிலிருந்து அரங்குக்குக் கிடைக்கின்றன. நல்லவர் என்பது விரிசலைப் பற்றி அவர் சொல்வதை நம்புவதற்குப் போதுமான காரணமாகாது.

நான் வழக்கமாகச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. உங்கள் இருவரையும் அறியாத ஒருவரிடம் கதையைச் சொல்லுங்கள்; பிறகு ஐந்து நிமிடம் வேறு எதையாவது பேசிவிட்டு, "அந்தப் பொறியாளர் இப்போது எதிரே வந்தால் அவரிடம் என்ன கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சுவரைப் பற்றி எதையாவது கேட்டால் கதை தன் வேலையைச் செய்துவிட்டது. "இன்னும் நீங்கள் இருவரும் நெருக்கம்தானா?" என்று உங்களிடமே திரும்பினால், கதை உங்களைச் சுற்றியே நிற்கிறது என்று பொருள். "நன்றாக இருந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு ஆம் என்பதைத் தவிர வேறு பதிலை யாரும் சொல்வதில்லை.

இன்றைய தலைப்புக்குரிய வேலையை அவர் செய்துகொண்டிருந்தபோது நீங்கள் நேரில் பார்த்த தருணம் ஏதேனும் உண்டா?

அவரே மீண்டும்: ஒன்று உண்டு, ஆனால் அதில் பெருமையாக எதுவும் இல்லை. சென்ற ஆண்டு என் வீட்டு ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. பயந்துபோய் அழைத்தேன். வந்தவர் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதியை எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபமே வந்தது. மூன்று மாதம் கழித்தும் விரிசல் கோட்டைத் தாண்டவில்லை. பூசி வண்ணம் அடித்துவிட்டோம்.

பதில்: இதைத்தான் சொல்ல வேண்டும். பெருமை இல்லை என்று நீங்கள் தயங்கும் இடத்தில்தான் இதன் பயன் இருக்கிறது: இந்தக் கதையில் நீங்கள் ஒன்றும் அறியாதவராக, பயந்தவராக, சற்றே எரிச்சல்பட்டவராக, அதாவது அரங்கில் அமர்ந்திருப்பவரின் இடத்திலேயே நிற்கிறீர்கள். அவருடைய திறமையைப் பற்றி ஒரு அடைமொழிகூட இல்லாமல், அவர் எப்படிச் சிந்திப்பவர் என்பதை அந்தப் பென்சில் காட்டிவிடுகிறது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "சென்ற ஆண்டு என் வீட்டு ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. வீடே சரிந்துவிடும் என்று பயந்து ஒரு பொறியாளரை அழைத்தேன். சுத்தியலை எதிர்பார்த்த எனக்கு முன்னால் அவர் ஒரு பென்சிலை எடுத்தார். விரிசலின் இரு முனைகளிலும் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்தக் கோடு எதற்காக என்பதை அவரே சொல்லட்டும்."

மூன்று மாதத்துக்குப் பிறகு நடந்ததை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். விரிசல் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று பார்ப்பதற்காகத்தான் கோடு என்பதை நீங்களே சொல்லிவிட்டால் பேச்சாளரின் முதல் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டவர் ஆவீர்கள். அதைவிடப் பெரிய தீங்கு, எந்த விரிசலையும் மூன்று மாதம் விட்டுவைக்கலாம் என்று யாராவது வீட்டுக்குப் போய் நினைத்துக்கொள்வது. காத்திருக்கக் கூடாத விரிசல்களும் உண்டு, அவற்றைப் பிரித்துச் சொல்லும் தகுதி அவருக்குத்தான் இருக்கிறது. கதைக்குப் பின் அவருடைய பணியனுபவத்தை ஒரு வாக்கியத்திலும் தலைப்பை ஒரு வாக்கியத்திலும் சொல்லி, பெயரைக் கடைசியில் வையுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாய்விட்டுப் படியுங்கள். எல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் கதையிலிருந்தே வெட்டுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): "நான்", "என்" என்ற சொற்களை எல்லாம் நீக்கிவிட்டால் அறிமுக உரை தானாகவே அவையோருக்கு உரியதாகிவிடும் என்று படித்தேன். சரிதானே?

பதில்: பாதி சரி. முதலில், தமிழில் "நான்" ஒளிந்துகொள்ளும். சொல்லை நீக்கினாலும் "பயந்தேன்", "அழைத்தேன்", "பார்த்தேன்" என்று வினையின் வால் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எண்ணுவதானால் அந்த "ஏன்" விகுதிகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் தீர்ப்பு ஆகாது. ஒவ்வொரு "நான்" இருக்கும் இடத்திலும் "உங்களில் ஒருவர்" என்று போட்டுப் படியுங்கள். "உங்களில் ஒருவர் வீட்டில் விரிசல் ஓடியது, அவர் பயந்தார்" என்றாலும் பென்சில் கதை குலையாமல் நிற்கிறது. எனவே அங்கே "நான்" தாராளமாக இருக்கலாம். "உங்களில் ஒருவருக்குத் தேர்வுக்கு முன் காய்ச்சல் வந்தது" என்று மாற்றியவுடன், அதற்கும் சுவருக்கும் என்ன தொடர்பு என்று நமக்கே தோன்றிவிடுகிறது.

கேள்வி (புதிதாக வேலையில் சேர்ந்தவர்): திங்கட்கிழமை குழுவினர் முன் என்னை நானே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். எந்தச் சொந்தக் கதையைச் சொல்லலாம்?

பதில்: இங்கே பேசிக்கொண்டிருப்பது பிறரை அறிமுகப்படுத்துவதைப் பற்றி. உங்கள் நிலையில் கதை உங்களைப் பற்றியதாக இருப்பதில் தவறில்லை. அதைக் கேட்டபின் எந்த வேலைக்கு உங்களைத் தேடி வரலாம் என்று குழுவினருக்குத் தெரிந்தால் போதும்.

கேள்வி (அடிக்கடி உரையாற்றுபவர்): ஒரு கூட்டத்தில் என்னை அறிமுகம் செய்தவர், நான் தொடக்கத்தில் சொல்ல வைத்திருந்த நிகழ்ச்சியையே, அதுவும் தவறாக, சொல்லிவிட்டார். மேடையில் நின்று திருத்துவதா, விழுங்குவதா என்று தெரியவில்லை.

பதில்: அறிமுகம் செய்பவர் முந்தைய நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: "இந்த நிகழ்ச்சியை நான் சொல்லலாமா? நீங்கள் சொல்லப்போகிறீர்களா?" தனிப்பட்ட செய்தி இருந்தால் முதல் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. பேச்சாளர் அரை நொடி தயங்கினாலும் அந்தக் கதையைக் கைவிட்டுவிட வேண்டும். உங்கள் பக்கத்தில், திருத்தம் உரைக்குத் தேவையானால் மட்டும் செய்யுங்கள். ஆண்டு தவறு, ஊர் தவறு என்றால் விட்டுவிடலாம்.

கருத்து (நெடுங்காலத் தொகுப்பாளர்): நீங்கள் கதையை மிகவும் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் மேடையேறும்போது, அரங்குக்கு ஏற்கெனவே பழக்கமான நான் "இவர் என் நண்பர்" என்று சொல்வதே பாதி நம்பிக்கையைத் தந்துவிடும். நீங்கள் ஒதுக்கிய காய்ச்சல் கதை போன்றவற்றுக்கு அரங்கம் உருகியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதில்: உங்களை அந்த அரங்கு அறிந்திருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும், நட்பைக் குறித்த ஒரு வாக்கியத்துக்கு நானும் இடம் விடுவேன். பிரிவு உபசாரமோ பாராட்டு விழாவோ என்றால் காய்ச்சல் கதையைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் அங்கே தலைப்பே அந்த மனிதர். விரிசலுக்குத் தீர்வு தேடி வந்தவர்கள் உருகியபின் எதைக் கேட்கத் தயாராகிறார்கள் என்பதில்தான் எனக்கு ஐயம். கண் கலங்கிய அரங்குக்கு முன் பென்சிலைப் பற்றிப் பேசத் தொடங்குவது பேச்சாளருக்குக் கடினமாக இருக்காதா? அடுத்த முறை நீங்கள் அப்படி ஒரு கதையைச் சொல்லி அமர்ந்தபின், அவருடைய முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் கவனித்துவிட்டு எழுதுங்கள். என் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால் மாற்றிக்கொள்கிறேன்.