வேலை இடைவெளியை ரெஸ்யூமில் எப்படி எழுதுவது, இன்டர்வியூவில் எப்படிச் சொல்வது?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவாக ஜூன் 2016 முதல் நவம்பர் 2022 வரை இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் வேலையை விட்டேன். இப்போது மார்ச் 2025. அப்பா பரவாயில்லை. போன வருடம் ஜனவரியிலிருந்து மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும் போட்டுக் கொடுக்கிறேன், சம்பளம் இல்லை. இந்த இடைவெளியை எப்படி எழுதுவது, எப்படிச் சொல்வது? தெரிந்தவர் ஒருவர் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்:

சர்டிபிகேட்டை வாங்காதீர்கள். அது சரியா தவறா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கே மாட்டும் என்பதைச் சொல்கிறேன். ஓரளவு பெரிய கம்பெனி என்றால் ஆஃபர் கொடுப்பதற்கு முன்னாலோ நீங்கள் சேர்ந்த பிறகோ பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் நடக்கும். உங்கள் யுஏஎன் எண்ணைக் கேட்பார்கள். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்று பிஎஃப் பதிவில் இருக்கிறது. சர்டிபிகேட் கொடுத்த கம்பெனி அதில் இல்லை என்றால் அடுத்துக் கேட்பது சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட். சின்ன கம்பெனி, அங்கே பிஎஃப் கிடையாது என்று சமாளிக்கலாம்; 28 மாதச் சம்பள வரவைக் காட்ட முடியாது. சேரும்போது கையெழுத்துப் போடும் படிவத்தில் தகவல் பொய் என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். கணக்குத் துறையில் இது இன்னும் மோசம். பில்லும் பணமும் கையாளும் ஆளிடம் போலிக் காகிதம் இருந்தது என்று தெரிந்தபின் எந்த ஃபைனான்ஸ் மேனேஜரும் வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் குடும்பத்துக்காக வேலையை விட்டவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் மேனேஜர் அபூர்வம்.

ரெஸ்யூமைத் தொடுவதற்கு முன் பிஎஃப் பதிவைப் பார்த்துவிடுங்கள். யுஏஎன் மெம்பர் போர்ட்டலில் உள்ளே போய் View மெனுவில் Service History திறந்தால் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் தெரியும். விலகிய தேதி காலியாக இருப்பது மிகச் சாதாரணம். பழைய கம்பெனி அதைப் பதிய மறந்திருக்கும். காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதுபோல் தெரியும், வெரிஃபிகேஷன் அங்கேயே நிற்கும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கடந்திருந்தால் Manage மெனுவில் Mark Exit மூலம் ஆதார் ஓடிபி போட்டு நீங்களே பதியலாம். பதியும் தேதி ரிலீவிங் லெட்டரில் உள்ள கடைசி வேலை நாளாக இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்த நாள் அல்ல. நோட்டீஸ் பீரியட் இருப்பதால் இவை இரண்டும் ஒன்றிரண்டு மாதம் தள்ளி வரும். நிறையப் பேர் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருமுறை தப்பாகப் பதிந்தால் திருத்துவதற்குப் பழைய கம்பெனியையும் சேர்த்துக்கொண்டு ஜாயின்ட் டிக்ளரேஷன் போட வேண்டிவரும். அதனால் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பதியுங்கள்.

அந்தத் தேதிதான் இனி எல்லா இடத்திலும். ரெஸ்யூம், நௌக்ரி புரொஃபைல், லிங்க்ட்இன், கம்பெனி கொடுக்கும் விண்ணப்பப் படிவம் என எல்லாவற்றிலும் ஒரே மாதம் இருக்கட்டும். இடைவெளியை மறைக்க வருடத்தை மட்டும் போட்டு "2016 – 2022" என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் எப்படியும் மாதம் கேட்கும். அங்கே நவம்பர் என்று எழுதியதும், ரெஸ்யூமில் ஏன் இல்லை என்ற கேள்வி வரும். இடைவெளி பிரச்சினையாக இல்லாத இடத்திலும் ஒளித்தது பிரச்சினையாகிவிடும். நௌக்ரியில் பழைய வேலை இன்னும் நடப்பு வேலையாகவே இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இடைவெளியை ரெஸ்யூமில் காலியாக விடவேண்டாம். அனுபவப் பகுதியில், பழைய கம்பெனிக்கு மேலே, தேதியோடு ஒரு பதிவாகவே வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் அமைப்பு இதுதான்:

டிசம்பர் 2022 – இன்றுவரை: குடும்பப் பராமரிப்பு (தந்தையின் உடல்நலம்). இப்போது முழுநேர வேலைக்குத் தயார்.
ஜனவரி 2024 முதல், பகுதிநேரம், ஊதியமின்றி: ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல், கொள்முதல் பில்களை 2பி-யுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல்.

இதற்கு மேல் வேண்டாம். பக்கவாதம், ஆஸ்பத்திரி, பிசியோதெரபி எதுவும் ரெஸ்யூமில் தேவையில்லை. "ஊதியமின்றி" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது இருக்கும்வரை பிஎஃப் எங்கே, சம்பளச் சீட்டு எங்கே என்ற கேள்வியே எழாது. அது இல்லாமல் "ஃப்ரீலான்ஸ் ஜிஎஸ்டி கன்சல்டன்ட்" என்று போட்டால், எத்தனை கிளையன்ட், இன்வாய்ஸ் எங்கே என்று கேட்பார்கள். ஒரே கடை, அதுவும் மாமா கடை என்று தெரியும்போது நீங்கள் செய்த உண்மையான வேலையும் பொய்போல ஆகிவிடும். 2பி ஒப்பீட்டை நீங்கள் செய்யவில்லை, ரிட்டர்ன் மட்டும்தான் என்றால் அந்தப் பாதியை நீக்கிவிடுங்கள். மாதம் எத்தனை பில் என்று எண்ணிப் பார்த்து, நிஜ எண்ணிக்கையைச் சேர்த்தால் வரி இன்னும் கனமாகும்.

மாமாவிடம் கடையின் லெட்டர்ஹெட்டில், ஜிஎஸ்டி எண்ணோடு, எந்த மாதத்திலிருந்து என்ன செய்கிறீர்கள் என்று நாலு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "எங்களிடம் பணிபுரிந்தார்" என்று எழுத வேண்டாம். ஊதியம் இல்லாமல் உதவுகிறார் என்றே இருக்கட்டும். யாராவது ஃபோன் செய்தால் அவரும் அதையேதான் சொல்ல வேண்டும். உறவா என்று கேட்டால், ஆமாம், மாமா என்று சொல்லிவிடுங்கள்.

இன்டர்வியூவில் மூன்று வாக்கியம் போதும். அரை நிமிடத்துக்குள் முடியும். ஏன் விட்டீர்கள், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இடையில் தொழிலோடு என்ன தொடர்பு என்ற வரிசையில்:

"அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனதால் 2022 நவம்பரில் வேலையை விட்டேன் சார், வீட்டில் பார்த்துக்கொள்ள நான்தான் இருந்தேன். இப்போது அவர் தேறிவிட்டார், பகலில் அம்மாவும் ஒரு உதவியாளரும் பார்த்துக்கொள்கிறார்கள், நான் முழுநேரமாக வரமுடியும். போன வருடம் ஜனவரியிலிருந்து ஒரு கடைக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன், அதனால் போர்ட்டலில் வந்த மாற்றங்கள் கையில் இருக்கின்றன."

அம்மா, உதவியாளர் என்று நான் எழுதிய இடத்தில் உங்கள் வீட்டில் உண்மையில் என்ன ஏற்பாடோ அதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இந்த நிறுத்தத்தில்தான். எதிரே இருப்பவர் ஒரு நொடி குறிப்பெடுக்கக் குனிந்ததும் பதறிப்போய் நோயின் விவரம், அண்ணன் உதவாதது, மாமியார் வீட்டுப் பேச்சு என்று தொடர்கிறார்கள். "மன்னிக்கணும் சார், பெரிய கேப்தான்" என்பதும் அப்படித்தான். அவர் மனதில் இல்லாத சந்தேகத்தை நாமே கொண்டுபோய் வைக்கிறோம்.

அடுத்த கேள்வி இரண்டில் ஒன்றாக இருக்கும். "மறுபடி அப்பாவுக்கு முடியவில்லை என்றால்?" என்று கேட்டால், இனி லீவே எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம்; அது யாராலும் காப்பாற்ற முடியாத வாக்கு, கேட்பவருக்கும் தெரியும். "தினசரிப் பராமரிப்புக்கு ஆள் இருக்கிறது. அவசரம் வந்தால் மற்ற எல்லாரையும்போல லீவில் பார்த்துக்கொள்வேன்" என்பது போதும்.

இன்னொன்று தொழில் கேள்வி. உங்கள் மூன்றாவது வாக்கியம் அவரை அங்கேதான் அழைத்துப் போகிறது, அது நல்லதுதான், ஆனால் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் வெளியே இருந்த காலத்தில் மூன்று மாற்றங்களைக் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். 1 ஆகஸ்ட் 2023 முதல் 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதற்கு முன் வரம்பு 10 கோடி. மாமா கடை அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் இ-இன்வாய்ஸை நீங்கள் கையால் செய்திருக்க மாட்டீர்கள், அதை அப்படியே சொல்லுங்கள். 2023-24 நிதியாண்டு முதல், வருமான வரிச் சட்டத்தின் 43பி(ஹெச்) பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பணத்தை ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாண்டினால் பணம் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். உதிரிபாகக் கம்பெனிகள் சின்னச் சின்ன பட்டறைகளிடம்தான் வேலை கொடுத்து வாங்குகின்றன, அதனால் கோவையில் இது கேட்கப்பட வாய்ப்பு மிக அதிகம். மூன்றாவது, அக்டோபர் 2024-இல் ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்த ஐஎம்எஸ். சப்ளையர் ஏற்றிய இன்வாய்ஸை ஏற்பது, மறுப்பது, நிலுவையில் வைப்பது எல்லாம் அதில்தான். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே 2பி-க்குப் போகும். மாமா கடை லாகினில் அந்தத் திரையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இடைவெளி பற்றிய சந்தேகத்தைத் தீர்ப்பதில் நீங்கள் சொல்லும் காரணத்தைவிட, இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் வரும் பதிலுக்கே வலு அதிகம் என்பது என் கருத்து.

சம்பளம் கேட்கும் கட்டத்தில் 2022-இல் கடைசியாக வாங்கியதை, "நவம்பர் 2022 நிலவரம்" என்று குறிப்பிட்டுப் போடுங்கள். கூட்டிப் போடாதீர்கள், கடைசி மூன்று சம்பளச் சீட்டு கேட்பார்கள். எதிர்பார்க்கும் சம்பளத்தை அந்தப் பழைய தொகையோடு கட்டிப்போட வேண்டியதும் இல்லை. இன்றைய சந்தையில் ஆறரை வருட அனுபவத்துக்கு என்ன தருகிறார்களோ அதைக் கேளுங்கள். நோட்டீஸ் பீரியட் கட்டத்தில் "உடனே சேரலாம்" என்று எழுதுங்கள். வேலையில் இருப்பவர்கள் இரண்டு மூன்று மாதம் நோட்டீஸ் கேட்கும்போது, மார்ச் முடிந்து வருடக் கணக்கு மூடும் இந்த நேரத்தில் அது உங்களுக்குச் சாதகமான வரி.

சில கம்பெனிகள் இடைவெளிக்கு ஒரு உறுதிமொழி கேட்கும். சாதாரணத் தாளில் கையெழுத்திட்டால் போதுமா, நோட்டரி வேண்டுமா என்று ஹெச்ஆரிடம் முதலில் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள். அதிலும் ரெஸ்யூமில் உள்ள அதே இரண்டு வரி, அதே தேதி.