குடம் கதை சொல்லட்டும்

“பாலாற்று நிலத்தடி நீர் பற்றி, காட்பாடிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 12 ஸ்லைடு. எல்லாவற்றிலும் ஒரு குடம் பொம்மை வைத்தும் கதை ஒட்டவில்லை.”

குடத்தை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அதன் நீர்மட்டம் ஸ்லைடுக்கு ஸ்லைடு மாறட்டும். இப்போது அதை அநேகமாக எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான ஸ்லைடு மாஸ்டரில் ஒட்டியிருப்பீர்கள். மாறாத படத்தைக் கண் லோகோவாக ஒதுக்கிவிடும்.

வெள்ளம் வந்தால் குடம் நிறையட்டும், மணல் அள்ளினால் பாதியாகட்டும், கிணறு இறங்கினால் கயிறு நீளட்டும். குடத்தின் இடமும் அளவும் மட்டும் மாறக்கூடாது, இல்லாவிட்டால் மட்டத்தை ஒப்பிட முடியாது.

பிறகு எழுத்தை மறைத்து, படங்களை மட்டும் வீட்டில் ஒருவரிடம் காட்டிக் கதை கேளுங்கள். அவர் தடுமாறும் ஸ்லைடில்தான் கோளாறு.

தோல் தொழிற்சாலைக் கழிவு ஸ்லைடில் குடம் வேண்டாம். கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. குடத்து நீருக்குக் கறுப்பு அடித்தால், தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். அங்கே கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் அளவை வெறும் பட்டை வரைபடமாகப் போடுங்கள்.