‘தள்ளாடுவதாக எனக்குத் தோன்றியது’: இத்தாலிய சாட்சி வாக்குமூலத்தை நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பது பற்றி மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் கேள்வி பதில்

மதுரை, இளம் வழக்கறிஞர்: வணக்கம் அம்மா. உசிலம்பட்டிக்காரர் ஒருவர் இத்தாலியில் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். இரவில் சாலையோரம் நடந்து போனபோது கார் மோதி இறந்துவிட்டார். குடித்திருந்தார் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கிறது. அங்கே காராபினியேரி போலீசார் எழுதிய சாட்சி வாக்குமூலம் ஒன்று இருக்கிறது. அதில் ‘மி எ செம்ப்ராத்தோ கே பார்கொல்லாஸ்ஸே’ என்று வருகிறது. எதிர்த்தரப்பு கொடுத்த தமிழில் ‘தள்ளாடிக்கொண்டிருந்தார்’ என்று இருக்கிறது. நாங்கள் குடும்பத்தின் தரப்பு. ‘தள்ளாடினாரா என்பது சந்தேகமே’ என்று போடலாமா?

இரண்டுமே தவறு. சாட்சி கண்ணால் பார்த்து உறுதியாகச் சொன்னதுபோல எதிர்த்தரப்பு ஆக்கிவிட்டது. நீங்கள் எழுத நினைப்பதோ அவர் சொல்லாத மறுப்பை அவர் வாயில் வைக்கிறது. ‘அவர் தள்ளாடுவதாக எனக்குத் தோன்றியது’ என்பதுதான் அவர் சொன்னது.

இதில் ‘தோன்றியது’ என்ற இறந்தகாலத்தைக் கவனியுங்கள். ‘மி எ செம்ப்ராத்தோ’ என்றால் அந்த இரவில், அந்த இடத்தில் அவர் கண்ணுக்கு அப்படிப் பட்டது என்று பொருள். அவர் உறுதியில்லாமல் இருந்தது பார்வையில். அதே மனிதர் ‘மி செம்ப்ரா’ என்று நிகழ்காலத்தில் சொல்லியிருந்தால், இப்போது நினைத்துப் பார்க்கையில் அப்படிப் படுகிறது என்றாகும். அப்போது உறுதியில்லாதது நினைவு. முதல் சாட்சியிடம் வெளிச்சத்தையும் தூரத்தையும் பற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்கள். இரண்டாமவரிடம், விபத்துக்கு எத்தனை நாள் கழித்து வாக்குமூலம் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். ஆகவே முதலாவதை ‘எனக்குத் தோன்றியது’ என்றும் இரண்டாவதை ‘தள்ளாடியதாக எனக்குப் படுகிறது’ என்றும் பிரித்து எழுதுகிறேன்.

இரண்டிலும் ‘எனக்கு’ என்ற சொல் போய்விடக் கூடாது. வெறும் ‘தோன்றியது’ என்றால் அங்கிருந்த எல்லோருக்கும் தோன்றியது போல் ஆகிவிடும். ‘தள்ளாடுவதுபோல்’ என்றும் நான் எழுதுவதில்லை. தமிழில் ‘போல்’ என்பதற்கு, உண்மையில் இல்லாததைக் காட்டுகிற சாயல் உண்டு. நடித்தார் என்று யாராவது வாதிட இடம் கொடுக்கும்.

அடுத்த துண்டையும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகலில் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. ‘இருட்டாக இருந்தது, தவறாகச் சொல்லிவிட விரும்பவில்லை’ என்று தொடர்கிறது. எதிர்த்தரப்பு அதை வேறொரு வாக்கியமாக வெட்டி, இரண்டு வரி தள்ளி வைத்திருக்கிறது. வாசிப்பவருக்குத் தள்ளாட்டம் ஒரு செய்தி, இருட்டு வேறொரு செய்தி என்று பிரிந்துவிட்டது. சாட்சி ஒரே மூச்சில் சொன்னதை ஒரே வாக்கியத்தில்தான் வைக்க வேண்டும். நீங்கள் உங்கள் வாதத்துக்கு எழுப்ப வேண்டிய குறை இதுதான்.

திருமங்கலம், இத்தாலிய மொழி படித்தவர்: அம்மா, ‘பார்கொல்லாஸ்ஸே’ என்பதே ஐயத்தைக் காட்டும் வினைவடிவம்தானே? எங்கள் பாடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அப்படியானால் ‘ஒருவேளை தள்ளாடியிருக்கலாம்’ என்று அந்த ஐயத்தையும் தமிழில் கொண்டுவர வேண்டாமா?

பாதி சரி. அந்த வடிவம் ஐயத்தோடு சேர்ந்து வரும் என்பது உண்மை. ஆனால் ‘தோன்றியது’, ‘நம்புகிறேன்’ போன்ற வினைகளுக்குப் பின்னால் அந்த வடிவத்தை இலக்கணமே கேட்கிறது. பேசுபவர் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. ஐயம் முழுவதும் முன்னால் வந்த வினையிலேயே இருக்கிறது. நீங்கள் ‘ஒருவேளை’யும் ‘இருக்கலாம்’உம் சேர்த்தால் ஒரு ஐயம் மூன்றாகிவிடும். சாட்சி சொன்னதைவிடப் பலவீனமாகப் பேசியவர் ஆவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. பேச்சு வழக்கில் பல இத்தாலியர் அந்த இடத்தில் சாதாரண வினையையே போடுவார்கள். அதைப் பார்த்து ‘இவர் உறுதியாகச் சொல்கிறார்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது அவருடைய பேச்சு நடையைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

மாவட்ட நீதிமன்றத்துக்கு அருகே தட்டச்சு நிலையம் நடத்துபவர்: இதே மாதிரி ஒரு தாளில் ‘சரான்னோ ஸ்தாத்தே லே நோவே’ என்று இருந்தது. தெரிந்த பையன் ‘எதிர்காலம்’ என்றான். நடந்து முடிந்ததற்கு எதிர்காலம் எப்படி வரும் என்று ‘இரவு 9 மணிக்கு’ என்று அடித்துவிட்டேன். சரிதானே ஐயா?

(ஐயா இல்லை, அம்மா. பரவாயில்லை.) சரியில்லை. ஆனால் இதற்கு விடை உங்கள் வாயிலேயே இருக்கிறது. எப்போது வந்தான் என்று யாராவது கேட்டால், ‘மணி ஒன்பது இருக்கும்’ என்கிறோம். நடந்ததைப் பற்றித்தான் பேசுகிறோம், ‘இருக்கும்’ என்கிறோம். இத்தாலியரும் அப்படியே எதிர்கால வடிவத்தை ஊகத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழ் இந்த இடத்தில் இத்தாலிய மொழிக்கு அருகில் நிற்கிறது. ‘இரவு மணி ஒன்பது இருக்கும்’ என்று அடியுங்கள்.

இது சின்ன விஷயமல்ல. ‘9 மணிக்கு’ என்று தாளில் ஏறிவிட்டால், ஆம்புலன்ஸ் அழைப்பு 9.25 என்று பதிவாகியிருக்கும்போது சாட்சி பொய் சொன்னதாக ஒரு முரண்பாடு பிறக்கும். அந்த முரண்பாட்டைப் பெற்றெடுத்தது சாட்சி அல்ல, தட்டச்சு. எண்களிலும் இப்படித்தான்: ‘ஊனா தெச்சீனா தி மெத்ரி’ என்பது ஏறக்குறைய பத்து மீட்டர். ‘10 மீட்டர்’ என்றால் அளந்து பார்த்தவர் ஆகிவிடுவார்.

சோழவந்தான், ஆசிரியர்: என்னிடம் அந்த வாக்குமூலத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதிலிருந்து தமிழாக்கினால் செலவு குறையும். அதில் என்ன கெட்டுவிடும்?

இந்த வாக்குமூலத்திலேயே கெட்டிருக்கிறது. மூலத்தில் சாட்சி சொல்வது: ‘அல் பார் தீகோனோ கே அவ்ரெப்பே பெவூத்தோ.’ அவர் குடித்திருந்ததாக பாரில் பேசிக்கொள்கிறார்கள் என்று பொருள். ‘அவ்ரெப்பே’ என்ற வடிவம், இது கேட்ட பேச்சு, இதற்கு நான் பொறுப்பில்லை என்று சாட்சி விலகி நிற்பதைக் காட்டுகிறது. இத்தாலிய நாளிதழ்களும் உறுதியாகாத செய்திகளுக்கு இதே வடிவத்தைத்தான் எழுதுகின்றன. ஆங்கிலத்தில் அதை யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்திருக்கிறார்கள். பாரில் பேசிக்கொள்கிறார்கள் என்ற பகுதி விடுபட்டுவிட்டது. அதைப் பார்த்துத் தமிழாக்கினால் ‘அவர் குடித்திருப்பார்’ என்று வரும். இப்போது அது சாட்சியின் சொந்த ஊகமாகிவிட்டது. செவிவழிப் பேச்சு இரண்டு படி தாண்டி நேர்சாட்சியாக வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு பொறியும் உண்டு. ‘அவர் சொன்னார்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கி அதற்குப் பின் ‘அவ்ரெப்பே’ வந்தால், பெரும்பாலும் அது ‘குடிக்கப் போவதாகச் சொன்னார்’ என்றுதான் பொருள்படும். முன்னால் நிற்கும் வினையின் காலத்தையும் சுற்றியுள்ள பேச்சையும் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. இரண்டு பொருளுக்கும் இடமிருந்தால், ஒன்றைத் தேர்ந்து எழுதி, மற்றொன்றை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

ஓய்வு பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், மதுரை: அம்மையாருக்கு வணக்கம். இந்த இடத்துக்குத் தமிழில் ‘குடித்திருந்தாராம்’ என்ற ‘ஆம்’ விகுதி கச்சிதமாக இருக்கிறதே! அதை ஏன் தவிர்க்கிறீர்கள்? மேலும் ‘அவர்’ என்கிறீர்கள். மூலத்தில் மரியாதைப் பன்மை இல்லை. ‘அவன்’ என்றும் இருக்கலாமே?

ஐயா, ‘ஆம்’ விகுதியை நானும் விரும்புகிறேன். யாரோ சொன்னது என்பதை ஒரே எழுத்தில் சொல்லிவிடுகிறது. எனக்குள்ள தயக்கம், அது நம்பாமையையும் கூடவே கொண்டுவருகிறது என்பது. ‘கோயிலுக்குப் போனாராம்’ என்று குரலை இழுத்தால் போகவில்லை என்றே பொருள். இத்தாலிய வடிவத்தில் விலகி நிற்பது மட்டும் இருக்கிறது, ஏளனம் இல்லை. ‘குடித்திருந்ததாக’ என்பது நடுவில் நிற்கிறது. ஆனால் சொல்பவர் யார் என்றே தெரியாத வாக்கியங்களில் ‘ஆம்’ தவிர வேறு வழி தெரியாமல் நான் எழுதியதும் உண்டு. ‘என்று கூறப்படுகிறது’ எழுதலாம் என்பீர்கள். அதில் சாட்சியின் குரல் போய் அறிக்கையின் குரல் வந்துவிடுகிறது. இதில் நீங்கள் சொல்வதையும் தள்ள முடியவில்லை.

‘அவர்’ பற்றி: தமிழில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ‘ஒருவன் தள்ளாடினான்’ என்றால் கேட்பவர் மனத்தில் அரைக் குடிகாரன் வந்துவிடுகிறான். இத்தாலிய மூலத்தில் அந்தச் சாயல் இல்லாததால் எல்லோருக்கும் ‘அவர்’ போடுகிறேன். முதல் பக்கக் குறிப்பில் அதைச் சொல்லியும்விடுகிறேன்.

மேலூர், சட்ட மாணவி: அக்கா, அந்த வாக்குமூலத்தில் சில வரிகளுக்கு முன்னால் ஏ.டி.ஆர். என்று மூன்று எழுத்துகள் இருக்கின்றன. எதிர்த்தரப்பு அவற்றை விட்டுவிட்டது. அதற்குப் பின்னால் ‘நோன் லோ எஸ்க்லூதோ’ என்ற பதிலுக்கு ‘மறுப்பதற்கில்லை’ என்று போட்டிருக்கிறார்கள். இது சரியா?

நல்ல கண். அந்த மூன்று எழுத்துகள் ‘ஆ தொமாந்தா ரிஸ்போந்தே’, அதாவது ‘கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறார்’ என்பதன் சுருக்கம். இத்தாலியில் போலீசார் வாக்குமூலத்தைச் சுருக்கி, தன்மை இடத்தில், தங்கள் நடையில் எழுதுவார்கள். பெரும்பாலும் கேள்வியை எழுத மாட்டார்கள். பதில் மட்டும் நிற்கும். அந்த எழுத்துகள் போய்விட்டால், குடியைப் பற்றிய பேச்சைச் சாட்சியே தானாக எடுத்ததாக ஆகிவிடும். உண்மையில் போலீஸ் கேட்டது, அவர் பதில் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் ‘கேள்விக்குப் பதில்:’ என்று வையுங்கள். இத்தாலியின் 2022 குற்றவியல் நடைமுறைச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வாக்குமூலம் என்றால், சாட்சி கேட்டுக்கொண்டு ஒலிப்பதிவு செய்திருக்கிறார்களா என்று உங்கள் வழக்கறிஞர் விசாரிப்பது நல்லது. இருந்தால் எது சாட்சியின் சொல், எது போலீசாரின் சொல் என்று தெரியும்.

‘மறுப்பதற்கில்லை’ பெரிய ஆபத்து. தமிழில் அதற்கு ‘உண்மைதான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்’ என்று பொருள். சாட்சி சொன்னதோ, ‘அப்படி இருக்கவே முடியாது என்று என்னால் சொல்ல முடியாது.’ நீளமாக இருக்கிறது, இருக்கட்டும். குடித்தாரா என்று அவருக்குத் தெரியாது என்பதை முந்தைய வரியிலேயே ‘நோன் சோ தீரே’ என்று சொல்லிவிட்டார். அதையும் ‘தெரியாது’ என்று சுருக்காமல் ‘என்னால் சொல்ல இயலாது’ என்றே எழுதுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: என் பேரனின் பிறப்புச் சான்றிதழ் இத்தாலிய மொழியில் இருக்கிறது. அதற்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா?

வேண்டாம் அண்ணா. அதில் ஐயத்துக்கு இடமில்லை. அங்குள்ள மாகாண அரசு அலுவலகமான பிரெஃபெத்தூராவில், வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்தில் முத்திரை பெற்றபின் மொழிபெயர்க்கக் கொடுங்கள். பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

இளம் வழக்கறிஞர் மீண்டும்: நன்றி அம்மா. எங்கள் மூத்தவர் அடிக்குறிப்புகள் வேண்டாம் என்கிறார். குறிப்பு இருந்தால் மொழிபெயர்ப்பே சந்தேகத்துக்குரியது என்று எதிர்த்தரப்பு சொல்லுமாம்.

அப்படியானால் குறிப்புகளை வாக்குமூலத்தின் அடியில் வைக்காமல் மொழிபெயர்ப்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் வையுங்கள். ‘தோன்றியது’, ‘படுகிறது’, ‘நினைக்கிறேன்’ என ஒவ்வொரு இத்தாலியச் சொல்லுக்கும் எந்தத் தமிழ்ச் சொல்லை முழுக்கப் பயன்படுத்தினேன் என்று ஒரு சின்ன அட்டவணை; இரு பொருள் தரும் இடங்கள்; கையெழுத்து புரியாத இடங்கள். வாக்குமூலத்துக்குள் ‘படிக்க இயலவில்லை’ என்ற சொல் மட்டும் நிற்கட்டும். மூலத்தின் நகலை வரி எண் போட்டு இணைத்துவிடுங்கள். யார் கேட்டாலும் ஏழாவது வரியை ஏழாவது வரியோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ‘இருட்டாக இருந்தது’ என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். சாட்சி அதை அழுத்திச் சொன்னதாகத் தாளில் எங்கும் இல்லை.