பத்தாயிரத்துக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம்: கேள்வி பதில்

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். தொகை எழுதுவதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

‘மட்டும்’ என்று போடாவிட்டால் கடிதம் செல்லாதா? (வாடகை வீட்டுக்காரர், சேலம்)

செல்லும். ‘மட்டும்’ போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் எல்லோரும் வாலைக் காக்கிறார்கள், தலையைத் திறந்து வைக்கிறார்கள். தமிழில் ஆயிரம், லட்சம் என்று முடியும் தொகைக்கு வால் பாதி பூட்டித்தான் இருக்கிறது. ‘ஐயாயிரம்’ என்று எழுதிய பின் ‘முந்நூறு’ சேர்க்க வேண்டுமென்றால் ‘ம்’ போய் ‘ஐயாயிரத்து’ என்று ஆக வேண்டும், திருத்தியது தெரிந்துவிடும். தலைக்கு அந்தப் பூட்டு கிடையாது.

நான் பார்த்த ஒரு புரோநோட்டைச் சொல்கிறேன். கடன் பத்தாயிரம். எழுதியவர் ‘ரூபாய்’ என்று போட்டு, ஒரு விரற்கடை இடம் விட்டு, ‘பத்தாயிரம் மட்டும்’ என்று எழுதியிருந்தார். அந்த இடத்தில் ‘இரு’ என்று இரண்டே எழுத்து புகுந்தது: ‘இருபத்தாயிரம்’. எழுதிய எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. எண்ணில் 10,000 அப்படியே நின்றது. காட்டிக்கொடுத்தது அந்த ‘இரு’தான். மற்ற எழுத்தைவிட ஒல்லி, ‘ரூபாய்’ என்பதன் மேல் இடித்துக்கொண்டு நின்றது, மையும் சற்று நீலம் கூடுதல்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: ரூ.10,000/- (ரூபாய் பத்தாயிரம் மட்டும்). ‘ரூ.’ எண்ணோடு ஒட்ட வேண்டும். ‘ரூபாய்’க்கும் ‘பத்தாயிரத்துக்கும்’ நடுவே பேனா நுனி நுழையும் அளவுக்கு மேல் இடம் கூடாது. ‘ரூபாய்’ வரியின் கடைசியிலும் தொகை அடுத்த வரியிலும் விழுந்தால், அந்த வரியை மறுபடி எழுதுங்கள்.

எழுத்தும் எண்ணும் வேறாக இருந்தால் எழுத்துதான் செல்லும் என்பது சட்டம். அப்புறம் எண் எதற்கு? (வணிகர், ஈரோடு)

பாதி சரி. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதனால்தான் மேலே சொன்ன ஆள் எண்ணைத் தொடவே இல்லை! எண் சாட்சி மாதிரி. எழுத்தில் யாரோ கை வைத்தால் அது முரணாக நின்று காட்டும். திருத்தம் நிரூபணமானால் 87வது பிரிவின்படி, அதற்குச் சம்மதிக்காதவரை அந்த நோட்டு கட்டுப்படுத்தாது, கொடுத்தவருக்கு உள்ள பத்தாயிரமும் அந்த நோட்டை வைத்துக் கேட்க முடியாமல் போகும்.

ஐயா, நான் வங்கி கவுன்டரில் இருந்தவன். காசோலையில் இரண்டும் வேறானால் நாங்கள் எழுத்தைப் பார்த்துப் பணம் கொடுக்க மாட்டோம், திருப்பிவிடுவோம். நீங்கள் ஆட்களைக் குழப்புகிறீர்கள். (மதுரை)

குழப்பவில்லை. சட்டம் நீதிமன்றத்துக்கு, நீங்கள் சொல்வது கவுன்டருக்கு. காசோலை திரும்பும், ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது ‘எழுத்து செல்லும்’ என்று சொல்லி என்ன பயன்? எங்களிடம் வந்தவர்கள் சட்டம் பேசி சண்டை போட்டதுதான் மிச்சம். (அதே மதுரைக்காரர்)

புரோநோட்டுக்கு கவுன்டர் ஏது? அது நேரே வழக்குக்குத்தான் போகும். காசோலையில் நீங்கள் சொல்வதே நடைமுறை, தொகையை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டாலும் இப்போது எடுக்க மாட்டார்கள், புதுக் காசோலைதான். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது, விடுங்கள்.

‘மட்டும்’ கட்டாயமா? (இன்னொருவர்)

முதல் பதில்.

சீட்டுப் பணம் வாங்கிய கடிதத்தில் ‘ரூ.900 (தொண்ணூறு)’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது 90 தான் தந்தேன் என்கிறார். (மளிகைக் கடை, திண்டுக்கல்)

900 தொள்ளாயிரம், 90 தொண்ணூறு. ‘நூறு’ என்று காதில் விழுவதால் வரும் பிழை, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள்: வாங்கியவர் நீங்கள், குறைத்துச் சொல்கிறவர் கொடுத்தவர். அப்படி யாராவது செய்வார்களா? ஒருவேளை மாற்றி எழுதிவிட்டீர்களோ? எப்படியானாலும் அது வெறும் ரசீது, 18வது பிரிவு அதற்கு நேரே வராது. எழுத்தைத்தான் நம்புவார்கள் என்று பந்தயம் கட்டாதீர்கள். சீட்டு நோட்டில் அந்த மாதத் தவணை என்ன என்று பாருங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து புதுக் கடிதம் எழுதி, பழையதைக் கிழித்துவிடுங்கள்.

ரெவின்யூ ஸ்டாம்ப் எத்தனை ரூபாய்க்கு ஒட்ட வேண்டும்? (தஞ்சாவூர்)

5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் ஸ்டாம்ப். கேள்வி தொகையைப் பற்றி இருக்கட்டும் என்று சொன்னேன்.

வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், தொகையை எப்படிப் பாதுகாப்பது? (கோவை)

எழுதாத தொகைக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. வக்கீலைப் பாருங்கள், இன்றைக்கே.

‘இருபதாயிரம்’ என்று எழுதுவதா, ‘இருபத்தாயிரம்’ என்றா? (தமிழாசிரியர், திருநெல்வேலி)

எழுத்தில் இருபதாயிரம் என்பேன். என் கடையில் இரண்டும் வரும், இரண்டையும் 20,000 என்றுதான் படிப்பார்கள். உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் இருக்கிறது: எல்லோரும் ‘இருபதாயிரம்’ என்றே எழுதினால், அந்த ‘இரு’ புகுந்த நோட்டு பார்த்த உடனே சந்தேகம் தந்திருக்கும். வகுப்பில் சொல்லிக் கொடுங்கள். இன்னும் மூன்று கேள்வி ‘மட்டும்’ பற்றி வந்திருக்கிறது, அவற்றை விட்டுவிடுகிறேன்.