ஒரே கண்ணின் வரிசை

அன்புள்ள ஐயா,

2 ஆண்டுகளாகப் பழைய சுவர்களை மட்டும் படம் எடுத்துவருகிறேன். காரை பெயர்ந்த இடங்கள், பாசி, கிழிந்த சுவரொட்டியின் மிச்சம். தேர்ந்தெடுத்த 10 படங்களை, அனுபவமுள்ள நண்பர் ஒருவர் வரிசைப்படுத்திக் கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த படம் பத்தாவது இடத்தில் இருக்கிறது. கண்காட்சியில் 4 படங்களுக்குத்தான் இடம். அவருடைய முதல் நான்கையே வைக்கலாமா? அல்லது சுவர்களையே விட்டுவிடலாமா? அச்சிடப் பளபளப்பான தாள் நல்லதா, மங்கலான தாளா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

என்னிடம் மடித்து வைத்த ஒரு தாள் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதைத்தான் தேடி எடுத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் புகைப்படப் போட்டிக்கு என்னை ஒரே நடுவராக அழைத்தார்கள். நீள மேசையில் 40 படங்கள். ஒரு பிற்பகல் முழுக்க நடந்து நடந்து பார்த்து வரிசை எழுதினேன். வீடு வந்தபோது தாளைக் காணவில்லை. வெளியே சொல்ல வெட்கம். ஒரு வாரம் கழித்து, ‘இன்னொரு முறை பார்க்க வேண்டும்’ என்று கௌரவமாகச் சொல்லி மறுபடி வரிசைப்படுத்தினேன். பரிசும் கொடுத்தாகிவிட்டது. மழைக்காலத்தில் குடையை விரித்தேன், பழைய தாள் காலடியில் விழுந்தது.

முதல் தாளில் முதலிடம் பெற்ற படகுப் படம் இரண்டாவதில் ஏழாவது. நான் பரிசு கொடுத்த படமோ முதல் தாளில் பன்னிரண்டாவது! படங்களும் அதே, கண்ணும் அதே. முதல் நாள் அந்தப் படகு எட்டுக் கோபுரப் படங்களுக்கு அடுத்து இருந்தது. அலுத்த கண்ணுக்கு ஆறுதலாகத் தெரிந்திருக்கும். மறுமுறை மேசையின் தொடக்கத்திலேயே கிடந்தது. எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. அந்தப் படகை எடுத்த பிள்ளைக்கு இது இன்றுவரை தெரியாது.

என் வரிசையே என்னோடு ஒத்துப்போகவில்லை. நீங்கள் ஒரு நண்பரின் ஒரு நாள் வரிசையைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு 2 ஆண்டு உழைப்பைக் கைவிடப் பார்க்கிறீர்கள். கோபம்தான் வருகிறது. அவர் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. அது ஒருவருடைய விருப்பம், அவ்வளவுதான்.

அதிலும் உங்கள் படங்கள் சுவர்கள். எட்வர்ட் வெசல், நாவா ரூபின் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நிஜ உலகக் காட்சிகளைப் பார்ப்பவர்களின் விருப்பம் பெருமளவு ஒத்துப்போனது. எதையும் குறிக்காத அருவ வடிவங்களில் ஆளுக்கொரு விருப்பமாகப் பிரிந்தது. பாசியும் பெயர்ந்த காரையும் கிட்டத்தட்ட அருவ வடிவங்களே. ஒருவரை நம்பக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நண்பருடைய வரிசையை யாரிடமும் சொல்லாதீர்கள். இன்னும் நான்கு பேரிடம் தனித்தனியாகப் படங்களைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கலைத்துக் கொடுங்கள். தலைப்பு வேண்டாம், உங்கள் முகபாவமும் வேண்டாம். நால்வரும் உங்கள் புகைப்படச் சங்கத்தாராக இருந்தால் பயனில்லை, ஒரே பள்ளியில் பழகிய கண்கள் ஒரே மாதிரிதான் பார்க்கும். தையல்காரரையும் அத்தையையும் கேளுங்கள்.

எண்களை வாங்கியதும் கூட்டி வகுத்துவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், எல்லோரும் தவறுவது இங்கேதான். ஒரு படத்துக்கு ஐந்து பேர் கொடுத்த இடங்கள் 1, 2, 2, 9, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றுக்கு 4, 5, 5, 5, 5. இரண்டின் கூட்டுத்தொகையும் 24, சராசரியும் அதே 4.8. ஆனால் இரண்டாவது படத்தை யாரும் வெறுக்கவில்லை, யாரும் விரும்பவும் இல்லை. முதலாவதன் முன் மூன்று பேர் நின்றுவிட்டார்கள், இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சராசரி இந்தச் சண்டையை அப்படியே விழுங்கிவிடும். புத்தக அட்டைக்கு இரண்டாவதை எடுப்பேன். கண்காட்சிச் சுவருக்கு முதலாவதைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

முகத்தைத் திருப்பிய இருவரிடம் மட்டும் ஏன் என்று கேளுங்கள். ‘கீழ் மூலை குவியவில்லை’ என்றால் அது விருப்பமல்ல. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒருவர் சொன்னாலும் போதும். ‘பார்க்கவே சோகமாக இருக்கிறது’ என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் பத்தாவது படத்தைப் பற்றி நண்பர் இந்த இரண்டில் எதைச் சொன்னார்? அதை நீங்கள் எழுதவேயில்லை. கேட்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

உங்களையும் ஒரு பார்வையாளராக எண்ணிவிடாதீர்கள். அந்தப் படத்தை நூறு முறை பார்த்திருப்பீர்கள்; அடிக்கடி பார்ப்பது தானாகவே பிடித்துப்போகும்.

தாளைப் பற்றி அச்சகத்தில் கேளுங்கள்.