ஐ.கியூ. டெஸ்டை ஒரு மாதத்தில் மறுபடி எடுக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். 9 வயதுப் பையனுக்குப் பாலக்காட்டில் ஐ.கியூ. டெஸ்ட் எடுத்ததில் 68 வந்தது. கேள்வி எல்லாம் மலையாளத்தில். அவனுக்குத் தமிழ்தான் பழக்கம். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் மறுபடி எடுக்கலாமா? அந்த டெஸ்டின் கேள்விகள் வாட்ஸ்அப்பில் வந்திருக்கின்றன, சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்: அதே டெஸ்டை ஒரு மாதத்தில் வேண்டாம். குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம் விடுவதுதான் வழக்கம்.

காரணம் இது. வெக்ஸ்லர் என்ற குழந்தைகள் ஐ.கியூ. டெஸ்டின் நான்காம் பதிப்பை ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை எடுத்த குழந்தைகளுக்கு, மொத்த ஐ.கியூ. சராசரியாக 5 முதல் 6 புள்ளி ஏறியது. சொல்லறிவுப் பகுதியில் ஏற்றம் சுமார் 2 புள்ளிதான். நேரம் குறித்துச் செய்யும் வேகப் பகுதியில் 7. வார்த்தைக்குப் பொருள் தெரியாத பிள்ளைக்கு ஒரு மாதத்தில் அது தெரிந்துவிடாது. ஆனால் டெஸ்டில் தரும் சிவப்பு வெள்ளைக் கட்டைகளை எப்படித் திருப்பி அடுக்குவது என்பது கைக்குப் பழகிவிடும்.

அடுத்த மாதம் உங்கள் பையனுக்கு 76 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறிய 8 புள்ளியில் 5 பழக்கத்தால் வந்திருக்கலாம். மீதி 3. இந்த மாதிரி டெஸ்டில் ஒரே பிள்ளைக்கே மதிப்பெண் முன்பின்னாக ஆடும். இரண்டு முறைக்கும் நடுவே 8 புள்ளி வரையிலான வித்தியாசம்கூடத் தற்செயலாக வரலாம். ஆக அந்த 76, முதல் 68 தப்பு என்று நிரூபிக்காது.

வாட்ஸ்அப் கேள்விகளை அழித்துவிடுங்கள். பரீட்சைத் தாள் மாதிரி வருடா வருடம் புதுக் கேள்வி போட இதில் வழியில்லை. கேள்வியை முன்பின் பார்க்காத பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுத்தான் 68 என்ற எண்ணே வருகிறது. சொல்லிக்கொடுத்தால் தெரிந்தும்விடும்: எளிய கேள்வியில் தடுமாறும் பிள்ளை கடினமானதற்குப் பட்டென்று பதில் சொல்லும், சில சமயம் கேள்வி முடியும் முன்பே. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு எல்லையாக வைக்கும் 70-ஐ ஒட்டி நிற்கும் பிள்ளைக்குப் பொய்யாக ஏறிய எண், கிடைக்க வேண்டிய சலுகையையே பறித்துவிடும்.

மொழி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், அதற்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பாலக்காட்டு அறிக்கையில் டெஸ்டின் பெயர், தேதி, கேட்ட மொழி, ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண் இருக்கிறதா பாருங்கள். மொத்த எண் மட்டும் இருந்தால் பகுதிவாரியாகக் கேட்டு வாங்குங்கள். கேள்வித்தாளைக் கேட்காதீர்கள், தர மாட்டார்கள். தேவைப்பட்டால் ஒரு உளவியலாளர் இன்னொருவருக்கு நேரடியாக அனுப்புவார். சொல் பகுதி மட்டும் தாழ்ந்து கட்டை, படப் பகுதிகள் நன்றாக இருந்தால் மொழியைச் சந்தேகிக்கலாம். எல்லாமே ஒரே மட்டத்தில் தாழ்ந்திருந்தால் மொழி மட்டும் காரணமாக இருக்காது.

கோயம்புத்தூரில் தமிழ் பேசும் உளவியலாளரிடம் முதல் அறிக்கையை மறைக்காமல் காட்டி, வேறு டெஸ்ட் கேளுங்கள். அதிலும் கட்டை அடுக்கும் பகுதி இருந்தால் பழைய பழக்கம் கொஞ்சம் ஒட்டும். அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார், நீங்கள் சொன்னால்தான்.