டிக்கெட்டில் YYZ: டொராண்டோதானா?

"சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு டிக்கெட் போட்டேன். போய்ச் சேரும் இடத்தில் YYZ என்று இருக்கிறது. டொராண்டோவில் ஒரு Y கூட இல்லையே, தப்பான ஊருக்குப் போட்டுவிட்டேனா?"

சரியான ஊர்தான், பயப்படாதீர்கள். அது டொராண்டோ பியர்சன் விமான நிலையம்.

கனடாவின் பெரிய விமான நிலையங்களின் குறியீடுகள் எல்லாமே Y-யில்தான் தொடங்கும். வான்கூவர் YVR, மாண்ட்ரியல் YUL. மீதி இரண்டு எழுத்துகள் பல இடங்களில் பழைய ரயில்வே தந்திக் குறியீடுகளிலிருந்து வந்தவை. பியர்சன் இருப்பது டொராண்டோ நகருக்குள் அல்ல, மால்டன் என்ற பகுதியில். மால்டன் ரயில் நிலையத்தின் தந்திக் குறியீடு YZ. முன்னால் ஒரு Y சேர, YYZ. ஆக அந்த எழுத்துகளுக்கும் டொராண்டோ என்ற பெயருக்கும் சம்பந்தமே கிடையாது.

இந்தக் குறியீடுகளை ஒதுக்குவது ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம். ஒரே குறியீடு இரண்டு நிலையங்களுக்கு இருக்க முடியாது என்பதால், ஊர்ப் பெயரோடு பொருந்தும் எழுத்துகள் ஏற்கெனவே போயிருந்தால் வேறு எதையாவது எடுக்க வேண்டியதுதான். கொடுத்ததை லேசில் மாற்றவும் மாட்டார்கள். நீங்கள் கிளம்பும் இடத்தையே பாருங்கள்: மெட்ராஸ் 1996-இல் சென்னையாகியும் டிக்கெட்டில் இன்னும் MAA தான்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். தேடும்போது YTO என்று வந்தால் அது டொராண்டோ நகரத்துக்கான பொதுக் குறியீடு. YTZ என்பது ஏரியோரத் தீவில் உள்ள சின்ன விமான நிலையம். அழைத்துப்போக வருபவர்களிடம் 'டொராண்டோ ஏர்போர்ட்' என்று மட்டும் சொல்லாமல் பியர்சன் என்றே சொல்லிவிடுங்கள்.